ஒரு கடை, மூன்று வைஃபை

ஒரு ஜவுளிக்கடை. கூரையில் ஒரே ஒரு ஆக்சஸ் பாயின்ட். போனில் பார்த்தால் மூன்று வைஃபை பெயர்கள் தெரிகின்றன: ஊழியர்களுக்கு ஒன்று, வாடிக்கையாளர்களுக்கு ஒன்று, கார்டு மெஷின்களுக்கு ஒன்று. பெயரும் பாஸ்வேர்டும் வேறு என்பதால் மூன்றும் தனித்தனி என்று தோன்றும். ஆனால் பின்னால் மூன்றும் ஒரே நெட்வொர்க்கில் போய்ச் சேர்ந்தால், புடவை வாங்க வந்தவரின் போனிலிருந்தும் கார்டு மெஷினை எட்டிவிடலாம்.

உண்மையில் பிரித்து வைப்பது வி-லான். ஊழியர்களுக்கு 10, வாடிக்கையாளர்களுக்கு 20, கார்டு மெஷின்களுக்கு 30 என்று எண் கொடுக்கிறோம். துணி மூட்டையில் சீட்டுக் கட்டுவதுபோல, வைஃபையில் வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் ஆக்சஸ் பாயின்ட் அந்த எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. அதனால் மூன்று பாதைகளுக்கும் ஒரே கேபிள் போதும். அந்தக் கேபிள் வந்து சேரும் சுவிட்ச் போர்ட்டை மட்டும் 'ட்ரங்க்' ஆக்க வேண்டும். சிஸ்கோ சுவிட்சில் இப்படி:

```
interface GigabitEthernet0/5
 switchport mode trunk
 switchport trunk native vlan 99
 switchport trunk allowed vlan 10,20,30,99
```

இதில் 99 ஆக்சஸ் பாயின்ட்டை நிர்வகிப்பதற்கானது. அது சீட்டு இல்லாமலே போகும்.

அடிக்கடி தவறு நடப்பது கடைசி வரியில். அங்கே 30 விடுபட்டிருந்தால், கார்டு மெஷின் வைஃபையில் சேர்ந்துவிடும். பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது ஆக்சஸ் பாயின்ட்தானே. ஆனால் ஐபி முகவரி கிடைக்காது, முகவரி கேட்டுப் போன பொட்டலத்தைச் சுவிட்ச் கைவிட்டுவிடும். அதே வைஃபையில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பைச் சேர்த்துப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் இந்தக் கோளாறாக இருக்கலாம். சுவிட்சில் வேறொரு போர்ட்டை 30-க்கு மட்டும் ஒதுக்கி, லேப்டாப்பைக் கேபிளில் இணையுங்கள். இப்போது முகவரி கிடைத்தால், கோளாறு ஆக்சஸ் பாயின்ட்டிலோ அதன் போர்ட்டிலோதான். இல்லையென்றால், ரவுட்டர் பக்கம் தேட வேண்டும்.

எண் கொடுத்ததோடு வேலை முடியாது. மூன்று நெட்வொர்க்குகளும் ரவுட்டரில் சந்திக்கின்றன. தடுக்கச் சொல்லாதவரை, பல ரவுட்டர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழிவிட்டுவிடும். ஆகவே 20-இலிருந்து 10-க்கும் 30-க்கும் போவதைத் தடுக்கும் விதியை முதலில் எழுதி, இணையத்துக்கு அனுமதிக்கும் விதியை அதன் கீழே எழுத வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதையே எடுத்துக்கொள்ளும். 30-இலிருந்து பணம் செலுத்தும் சேவைக்குத் தேவையான இடங்களுக்கு மட்டும் வழி போதும். வாடிக்கையாளர்களின் போன்கள் எல்லாம் ஒரே 20-இல் இருப்பதால், அவை ஒன்றையொன்று பார்ப்பதை வி-லான் தடுக்காது. அதற்கு ஆக்சஸ் பாயின்ட்டில் 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்ற வசதியை இயக்க வேண்டும்.

முடிந்ததும் வாடிக்கையாளர் வைஃபையில் நின்று இரண்டு சோதனை செய்யுங்கள். கார்டு மெஷினின் முகவரிக்குப் பிங் கொடுங்கள். பிறகு பிரவுசரில் ரவுட்டரின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். முதல் சோதனையில் தேறிய பல கடைகளில், இரண்டாவதில் ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நிற்கும்.