அரசு இணையதள கேள்வி-பதில்: சுருக்கும்போது விடுபடக் கூடாதது எது?

அரசு சேவை இணையதளங்களில் உள்ள நீண்ட பதில்களைச் சுருக்கும்போது, மக்கள் தேடி வரும் விடை முதல் வரியிலேயே இடம்பெற வேண்டும். சட்டப் பிரிவுகள் பின்னர் வரலாம்.

மத்திய அரசின் தகவல் அறியும் உரிமை இணையதளத்தில் கட்டணம் குறித்த கேள்விக்கு, "ரூ.10. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்றிதழை இணைக்க வேண்டும்" என்ற பதில் போதுமானது.

பதிலளிக்கும் காலக்கெடுவை ஓரிடத்தில் "30 நாள்கள்" என்றும், மற்றோரிடத்தில் "ஒரு மாதம்" என்றும் எழுதினால் குழப்பம் ஏற்படும். சட்டம் கூறும் "30 நாள்கள்" என்பதையே எங்கும் பயன்படுத்த வேண்டும்.

அதேநேரம், மாநில அரசு அலுவலகங்களுக்கான மனுக்களை இத்தளத்தில் பதிவு செய்தால் அவை திருப்பி அனுப்பப்படும். கட்டணம் திரும்பக் கிடைக்காது. இந்த எச்சரிக்கையைச் சுருக்கம் கருதி நீக்கினால், விண்ணப்பதாரருக்குப் பணமும் காலமும் வீணாகும்.