பரணி வாசித்த பத்து வரி

திக்கிப் பேசும் குழந்தைக்குச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடிகின்றன. பயந்த பிள்ளை ஒருநாள் துணிந்து எழுந்து நிற்கிறான், திக்காமல் கடகடவென்று வாசிக்கிறான், வகுப்பே கைதட்டுகிறது. கேட்கிற குழந்தை மறுநாள் பள்ளிக்குப் போய் எழுந்து நிற்கும், திக்கும். 'அவனுக்கு வந்த துணிச்சல் எனக்கு வரவில்லை' என்றுதான் அதற்குத் தோன்றும். திக்கல் பயத்தால் வருகிற நோய் அல்ல. மூளை பேச்சை நேரம் தப்பாமல் ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. பயம் அதை மோசமாக்கும். ஆனால் பயம் போனதும் திக்கல் போய்விடாது.

ஆகவே கதையை வேறு விதமாகக் கட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பரணி என்று ஒரு பையனை வைத்துக்கொள்வோம். அவனுக்குத் தொல்லை தருவது 'ப'. தன் பெயரே அந்த எழுத்தில் தொடங்குவது அவன் துரதிர்ஷ்டம். யாராவது பெயர் கேட்டால் உதடுகள் ஒட்டிக்கொண்டு சத்தமே வராமல் நிற்கும். திக்குவது என்றதும் நமக்கு 'ப-ப-ப' என்று அடுக்குவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் எழுத்து இழுபடுவதும், இப்படி அடைத்து நிற்பதும் திக்கல்தான். அடைப்பு வெளியே தெரியாததால், கேட்பவர் "பேர்கூட மறந்துபோச்சாடா?" என்று சிரித்துவிடுகிறார்.

பரணி கெட்டிக்காரன். கடையில் பட்டாணி வாங்க நினைத்தால் சுண்டல் என்று கேட்டு வாங்கிவிடுவான். 'பள்ளிக்கூடம்' வர வேண்டிய இடத்தில் 'ஸ்கூல்' வரும். திக்குகிறவர்கள் பலர் இப்படி நாள் முழுக்கச் சொல்லை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாத அளவுக்குச் சிலர் மறைத்துவிடுவார்கள். வகுப்பில் சத்தமாக வாசிப்பது ஏன் அவர்களுக்கு அவ்வளவு கொடுமை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அச்சிட்ட சொல்லை மாற்ற முடியாது. புத்தகத்தில் 'பலாமரம்' என்று இருந்தால் பலாமரம் என்றுதான் வாசித்தாக வேண்டும்.

வரிசையாக வாசிக்கச் சொன்னால் இன்னும் மோசம். முதல் பெஞ்சு வாசிக்கத் தொடங்கியதுமே பரணி தலைகளை எண்ணுவான். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, அதில் எத்தனை 'ப' என்று தேடுவான். பாடம் எதுவும் காதில் ஏறாது. அவன் முறை வருவதற்குள் தோளும் தாடையும் இறுகிப்போயிருக்கும். கழிவறைக்குப் போக அனுமதி கேட்பதும், வேண்டுமென்றே புத்தகத்தை வீட்டில் விட்டுவந்து திட்டு வாங்குவதும் இந்தக் காத்திருப்பிலிருந்து தப்பிக்கத்தான்.

ஒன்றைக் கதையில் கட்டாயம் சேர்ப்பேன். வகுப்பு மொத்தமும் சேர்ந்து வாசிக்கும்போது பரணி திக்குவதே இல்லை. இது கதைக்காகச் சொன்னதல்ல. திக்குகிறவர்களில் அநேகருக்கு இப்படித்தான். மற்றவர்களின் குரல் வெளியிலிருந்து தாளம் கொடுப்பதால் சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் சொற்கள் தங்குதடையின்றி வருகின்றன. ஆனால் பழைய ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரோடயும் சேர்ந்தா நல்லாத்தானே படிக்கிற? தனியா படிக்கச் சொன்னாத்தான் நடிப்பா?" என்று கேட்டார். பரணிக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

இந்த வருடம் வந்த கலா டீச்சர் அதையே ஏணியாக்குகிறார். வகுப்பில் யாரும் இல்லாத நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, "உனக்கு எப்படிப் படிச்சா வசதிடா?" என்று கேட்கிறார். முதலில் அவரும் அவனும் ஒரே குரலாக வாசிக்கிறார்கள். சில நாள் கழித்து அவர் பாதி வாக்கியத்தில் தன் குரலைத் தாழ்த்துகிறார். பிறகு பக்கத்துப் பையனோடு ஜோடியாக வாசிப்பு. தனியாக வாசிக்கும் நாளில் முதல் ஆளாக அவனே வாசிக்க விரும்புகிறான். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் அல்லவா?

பேச்சுப் பயிற்சியாளரிடமும் பரணி போய்வருகிறான். அங்கே அவன் கற்றது இரண்டு. 'ப' சொல்ல உதடுகளை அழுத்தி மூடாமல், பட்டும்படாமல் தொட்டு விலக்குவது ஒன்று. அடைத்துக்கொண்டால் முட்டித் தள்ளாமல், இறுக்கத்தைத் தளர்த்தி அந்த எழுத்தைச் சற்று இழுத்தபடி சொல்லுக்குள் நழுவுவது இன்னொன்று. அமெரிக்காவின் சார்லஸ் வான் ரைப்பர் பரப்பிய சிகிச்சை முறையைச் சேர்ந்தது இது. அவரும் திக்குகிறவர்தான். திக்கலை ஒழிப்பதைவிட, பாடுபடாமல் திக்கக் கற்றுக்கொடுப்பதே அவர் வழி.

புத்தகத்தில் பென்சில் கோடும் போட்டுக்கொள்கிறான்: 'பசியோடு வந்த யானை / பலாமரத்தின் அடியில் / நின்றது.' கோடு வரும் இடத்தில் நிறுத்தலாம், மூச்சு வாங்கலாம். 2020இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்காகப் பேசிய பதின்மூன்று வயது பிரேடன் ஹாரிங்டன், தன்னைப் போலவே திக்கலோடு வளர்ந்த ஜோ பைடன் உரைத்தாளில் இப்படிக் குறிகள் போட்டுக்கொள்வதைத் தனக்குக் காட்டியதாகச் சொன்னான். அந்தப் பேச்சிலும் பிரேடன் திக்கினான். அப்படியே பேசி முடித்தான்.

வீட்டில் பாட்டி நாக்கில் வசம்பு தடவச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டார். நாக்கில் குறையே இல்லாதபோது வசம்பு எதைச் சரிசெய்யும்? ஆனால் "மெதுவாப் பேசு கண்ணு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று அம்மா சொல்வதையும் கதையில் நிறுத்திவிட வேண்டும். திக்குகிற பிள்ளைக்கு அது 'நீ தப்பாகப் பேசுகிறாய்' என்றே கேட்கும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது கண்ணை இறுக்கி மூடினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ பயிற்சியாளரைப் பார்த்துவிடுவது நல்லது. பரணியின் வயதில் தானாகப் போகும் வாய்ப்பு குறைவு.

இனி முடிவு. கனடாக் கவிஞர் ஜோர்டன் ஸ்காட் தன் சிறுவயதுத் திக்கலை வைத்து எழுதி, சிட்னி ஸ்மித் ஓவியம் தீட்டிய 'ஐ டாக் லைக் எ ரிவர்' என்ற படக்கதை 2020இல் வந்தது. வகுப்பில் பேச முடியாமல் தவித்த பையனை அப்பா ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய், சுழித்தும் முட்டியும் ஓடும் நீரைக் காட்டுகிறார். பையன் திரும்பவும் வகுப்புக்குப் போய்ப் பேசுகிறான், தன் பேச்சு எப்படி வருமோ அப்படியே. குணமாகிவிடவில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான முடிவு இந்த வகைக் கதையில் இல்லை.

பரணியும் அப்படித்தான் வாசிப்பான். எழுந்ததும், "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் ஆகும்" என்று அவனே சொல்லிவிடுகிறான். மறைக்கிற வேலை அதோடு தீர்ந்தது. 'பசியோடு' லேசாக வந்துவிடுகிறது. 'பலாமரத்தின்' அடைத்துக்கொள்கிறது. யாரோ பின்னாலிருந்து சொல்லை எடுத்துக்கொடுக்கப் பார்க்க, டீச்சர் கையமர்த்துகிறார். அவர் கண் கடிகாரத்துக்குப் போகவில்லை. பரணி உதட்டைத் தளர்த்தி, எழுத்தை இழுத்து, உள்ளே நுழைகிறான். பத்து வரியில் நான்கு இடத்தில் திக்கி, கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறான்.

கைதட்டல் வேண்டாம். தட்டினால், அவன் எதை வாசித்தான் என்பது போய் எப்படி வாசித்தான் என்பதே பெரிதாகிவிடும். மற்ற பிள்ளைகளிடம் கேட்பதையே டீச்சர் அவனிடமும் கேட்கட்டும்.

"யானை ஏன்டா பலாமரத்துக்கிட்ட வந்து நின்னுச்சு?"

"ப்ப்... பழ வாசனைக்கு, டீச்சர்."

"சரி, உட்காரு. மீனா, அடுத்த பத்தி."