கடற்கரை ரயிலில் ஒரு மனஸ்தாபம்

தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகும் இருவர் சண்டை போட்டுச் சமாதானமாகும் சிறுகதையில் கடினமான பகுதி சண்டை அல்ல, சமாதானம்தான். பலர் அதை ஒரே பக்கத்தில், கண்ணீரோடு முடித்துவிடுகிறார்கள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி தாம்பரத்தில் ஏறிக் கைப்பையை வைத்து இடம் பிடிப்பாள். அடுத்தவள் குரோம்பேட்டையில் ஏறி அங்கே உட்காருவாள். ஒருநாள், "அவ நேத்து சீக்கிரமே கிளம்பிட்டாளே" என்று இவள் அதிகாரியிடம் வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். மறுநாள் கைப்பை மடியில் இருக்கிறது. சண்டையைக் காட்ட இதுவே போதும்; வசனம் வேண்டாம்.

இனி அவசரப்படக் கூடாது. முதலில் இவள் வேறு பெட்டிக்கு மாறுகிறாள். பிறகு, கூட்டம் தாங்காமல் பழைய பெட்டிக்கே வந்து கதவோரம் நிற்கிறாள். சில வாரம் கழித்து, "உனக்கு சீசன் இன்னிக்கோட முடியுதுல்ல?" என்று தாம்பரத்துக்காரி கேட்கிறாள். இருவரும் ஒன்றாகவே சீசன் எடுத்தவர்கள் என்பதால் அவளுக்குத் தேதி தெரியும். மாத சீசன் டிக்கெட் காலம் நகர்வதையும் வாசகருக்குச் சொல்லிவிடுகிறது.

ஆனால் அந்தப் பழைய நம்பிக்கை முழுதாகத் திரும்பிவிடக் கூடாது. அலுவலகப் பேச்சை இருவரும் தவிர்க்கட்டும். உங்கள் கதையில் மன்னிப்புக் கேட்கும் வசனம் இருந்தால், தயங்காமல் அடித்துவிடுங்கள்.