‘கூகுள்ல போட்டுடுவேன்’ என்று மிரட்டினால்…

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். 2,400 ரூபாய்க்கு வாங்கிய காட்டன் சேலை முதல் அலசலிலேயே சாயம் போய், மெரூன் கரை சந்தன நிற உடலில் இறங்கிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது: “பணத்தைத் திருப்பிக் கொடுங்க. இல்லேன்னா ஒரு ஸ்டார் போட்டு, கடை பேரை நாறடிச்சிடுவேன்.”

உடனே கடைக்காரருக்குக் கை துறுதுறுக்கும். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறதே! ஆனால் அந்த வரி பழுதான சரக்குக்குச் செல்லாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு.

இப்படி எழுதலாம்: “வணக்கம்மா. சேலை இப்படி ஆனதுக்கு வருத்தப்படுறோம். கரையும் உடலும் தெரியுற மாதிரி ரெண்டு போட்டோ அனுப்புங்க, சேலையையும் பில்லையும் கடைக்குக் கொண்டுவாங்க. சாயத்துல குறைன்னா வேற சேலையோ பணமோ, உங்க விருப்பம். நாளைக்குக் காலையில நானே கூப்பிடுறேன்.” இதில் ரிவ்யூ பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் முக்கியம். ‘போடாமல் இருந்தால் பணம் தருகிறேன்’ என்று எழுதினால், அந்த ஸ்க்ரீன்ஷாட்டே முதல் ரிவ்யூவோடு ஏறும். பணமோ சலுகையோ காட்டி மோசமான விமர்சனத்தை எடுக்கச் சொல்வதை கூகுளும் தடை செய்திருக்கிறது. குறைக்குத்தான் ஈடு, வாயை மூடுவதற்கு அல்ல.

சேலை வந்ததும், நனைத்த வெள்ளைத் துணியால் கரையின் உள்ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். அலசிய பிறகும் நிறம் ஒட்டினால் சாயம் நிற்கவில்லை என்று அர்த்தம். பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். ஒட்டாவிட்டால் ‘குறையே இல்லை’ என்று அடித்துப் பேசவும் முடியாது, முதல் அலசலிலேயே தளர்ந்த சாயம் போயிருக்கலாம். அதே லாட்டில் இன்னொரு சேலையை நனைத்துப் பார்ப்பது நியாயமான சோதனை.

அதற்குள் ரிவ்யூ ஏறிவிட்டதா? கீழே இரண்டே வரி: வருத்தம், கடையின் போன் எண். வாடிக்கையாளருடைய எண்ணையோ முகவரியையோ போடவே கூடாது. நம்பிக் கொடுத்த விவரத்தை வெளியிடுவதும் அதே சட்டத்தில் முறையற்ற நடைமுறைதான். வாடிக்கையாளருக்கும் வழி இருக்கிறது: 1915 உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பது மிரட்டிப் பறித்தல் ஆகாது. 2,400 ரூபாய்ச் சேலைக்கு 25,000 கேட்டு, ‘தராவிட்டால் பத்து ஐடியில் பொய்யாக எழுதுவேன்’ என்றால் கதை வேறு. அப்போது பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவின் கீழ் போலீஸில் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.