நன்றியுரையில் மூன்று சோதனைகள்

பள்ளி அறிவியல் கண்காட்சியின் நிறைவு விழாவில் நன்றியுரைக்குக் கிடைப்பது கடைசி இடம். தலைமையுரை, சிறப்புரை, பரிசளிப்பு எல்லாம் முடிந்து, நாட்டுப்பண்ணுக்கு முன்னால் மிஞ்சுவது மூன்று நான்கு நிமிடங்கள்தான். அதிலும் பாதி பெயர்ப் பட்டியலுக்குப் போய்விடும். காலையிலிருந்து மேசைக்குப் பின்னால் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லிக் களைத்த பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரே வரி: “மாணவச் செல்வங்கள் தங்கள் படைப்புகளைச் சிறப்பாகச் செய்து காட்டினார்கள்.” கண்காட்சியைப் பார்க்காமலேயே எழுதிவிடக்கூடிய வரி அது.

அவர்கள் எதைச் செய்து காட்டினார்கள் என்று சொல்வதுதான் அவர்களுக்கான நன்றி. அதற்கு, நன்றியுரை சொல்லப்போகிறவர் காலையிலேயே குறிப்பேட்டுடன் ஒரு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் மூன்று கேள்விகள் போதும்: என்ன செய்தீர்கள், என்ன தெரிந்தது, ஏன் அப்படி? முதல் இரண்டுக்கும் பதில் தடையில்லாமல் வரும். மூன்றாவதில்தான் மனப்பாடம் செய்த தவறுகள் வெளிப்படும். நன்றியுரை அவற்றை ஒலிபெருக்கியில் திரும்பச் சொல்லிவிடக் கூடாது.

பெரும்பாலான கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் மெழுகுவர்த்திச் சோதனையைப் பாருங்கள். தட்டில் வண்ணநீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. “ஆக்சிஜன் தீர்ந்துபோனது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது” என்று மாணவர் சொல்வார். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 விழுக்காடு; தண்ணீரும் சில வேளை ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறிவிடுவதால் கணக்குச் சரியாக வந்ததுபோல் தோன்றும்.

அது தற்செயல். சுடர் அணையும்போது ஆக்சிஜனில் பெரும்பகுதி தம்ளருக்குள்ளேயே இருக்கிறது. செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகியிருக்கின்றன. உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. காரணம் வெப்பம். தம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. விளிம்பில் குமிழிகள் வருவதையும் சில நேரம் காணலாம். சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது.

இதை அந்தப் பிள்ளைக்குப் புரியவைக்க மேடை வேண்டாம். “ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாரும்மா” என்று மேசையருகிலேயே சொன்னால் போதும். அதே தம்ளர், அதே அளவு ஆக்சிஜன். ஆனால் தண்ணீர் முன்பைவிட உயரமாக ஏறும். ஆக்சிஜன்தான் காரணமென்றால் அப்படி நடக்காது. பிற்பகலில் வருகிறவர்களுக்கு அவளே இரண்டையும் செய்து காட்டுவாள். நன்றியுரையும் அதைச் சொல்லலாம்.

எலுமிச்சம்பழ மின்கலத்தில் வேறு வகைச் சிக்கல். பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் செருகினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். சிவப்பு எல்.இ.டி. எரிய 1.8 வோல்ட் அளவு தேவை. இரண்டு பழம் போதுமென்று கணக்குச் சொல்லும். ஆனால் விளக்கை இணைத்ததும் மின்னழுத்தம் இறங்கிவிடும். அதனால் மூன்று அல்லது நான்கு பழங்களைத் தொடராக இணைக்க வேண்டும். அப்படியும் எரியவில்லையென்றால் எல்.இ.டி.யின் கால்கள் இடம் மாறியிருக்கலாம்: நீளமான கால் செம்புப் பக்கம் சேர வேண்டும். பழத்துக்குள் ஆணியும் கம்பியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் விளக்கு எரியாது.

இங்கே நன்றியுரை கவனிக்க வேண்டியது ஒன்று. மின்சாரம் பழத்திலிருந்து வரவில்லை. துத்தநாகம் கரையும் வேதிவினையில் ஆற்றல் பிறக்கிறது. சாறு அந்த வினை நடக்க வழிசெய்கிறது. கிடைக்கும் மின்னோட்டமும் மிகச் சிறிது, டார்ச் பல்புக்குக்கூடப் போதாது. “வருங்காலத்தில் எலுமிச்சையால் வீட்டுக்கே மின்சாரம்” என்று ஆர்வத்தில் சொல்லிவிட்டால், முன்வரிசையில் இருக்கும் இயற்பியல் ஆசிரியர் நெளிவார்.

மூன்றாவது, மஞ்சள் தாள். மஞ்சள் குழம்பில் நனைத்து உலர்த்திய தாளில் சோப்புத் தண்ணீர் விட்டால் செம்பழுப்பாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினைதான் என்பதால் அவைக்கு உடனே விளங்கும். ஆனால் மஞ்சள் தாள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் அது மஞ்சளாகவே இருப்பதால், அமிலத்தைக் கண்டுபிடிக்கச் செம்பருத்திச் சாறு தேவை. அது அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும்.

இந்தக் குறிப்புகள் நன்றியுரையாகும்போது ஏறக்குறைய இப்படி வரும்:

“அவையோர்க்கு வணக்கம். நன்றியை எங்கள் மாணவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். ஏழாம் வகுப்பு மாணவியர் மஞ்சள் தாளில் சோப்புத் தண்ணீரைச் சொட்டிச் சிவக்க வைத்தார்கள். நம் வீட்டு ஆரத்தியின் வேதியியலை விளக்கினார்கள். அமிலத்தை அறிய மஞ்சள் போதாதென்று செம்பருத்தியையும் கொண்டுவந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களின் விளக்கு காலையில் எரியவில்லை. இணைப்பைச் சரிபார்த்து, கால்களை மாற்றி, நான்காவது பழத்தையும் சேர்த்து எரிய வைத்தார்கள். துத்தநாகம் கரைவதில் பிறக்கும் ஆற்றல் அது என்று நமக்குச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் மெழுகுவர்த்தியை ஒன்றிலிருந்து மூன்றாக்கினார். தம்ளருக்குள் தண்ணீர் ஏறுவது காற்று குளிர்ந்து சுருங்குவதால் என்று நம் கண்ணெதிரே காட்டினார். இவர்களுக்கும், இவர்களைப்போல் மற்ற மேசைகளில் நின்ற அனைவருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி.”

இதைப் படிக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். எல்லா மேசைகளையும் இதற்குள் அடைக்க முயன்றால் இதுவும் பட்டியலாகிவிடும். வகுப்புக்கு ஒன்றாக, வெவ்வேறு பாடங்களிலிருந்து மூன்று நான்கைத் தேர்ந்தால் போதும். பரிசு பெற்றவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பெயர் மேடையில் ஒலித்துவிட்டது. காலையில் எரியாமல் பிறகு எரிந்த விளக்கைச் சொல்லத் தயங்கவும் வேண்டாம். பிழையைத் தேடித் திருத்தியதும் அவர்கள் செய்து காட்டியவற்றில் ஒன்று.

அடுத்து பெயர்கள். சிறப்பு விருந்தினர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர், வழிகாட்டிய ஆசிரியர்கள் என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே. பெயரையும் பதவியையும் சீட்டில் எழுதித் தலைமையாசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வழக்கமாக விடுபடுகிறவர்கள் வேறு: குடுவைகளைக் கழுவி எடுத்துக் கொடுத்த ஆய்வக உதவியாளர், மேசை சுமந்த பணியாளர்கள், ஒலிபெருக்கி அமைத்தவர், எலுமிச்சம்பழமும் செம்பருத்திப் பூவும் கொடுத்தனுப்பிய பெற்றோர். இவர்களையும் அவரவர் செய்த வேலையைச் சொல்லியே அழைக்க வேண்டும். “மற்றும் பலருக்கும்” என்ற சொற்களுக்குள் யாரும் தம்மைத் தேடிப் பார்ப்பதில்லை.