கிராம் கணக்கில் வாங்கும் கடன்

ஆடியில் கல்யாணம் இல்லை. நகைக்கடைகளில் கூட்டமும் இல்லை. ஆனால் கோயம்புத்தூர் நகைப் பட்டறைகளில் தீபாவளிக்கான வேலை அந்த மாதத்தில்தான் சூடுபிடிக்க வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்குத் தாலிக்கொடியும் தீபாவளிக்குத் தோடும் வளையலும் தட்டில் இருக்க வேண்டுமென்றால், ஆசாரிகளின் கைக்குத் தங்கம் இப்போதே போயாக வேண்டும். அதற்காக நகைக்கடைக்காரர் வங்கி மேலாளருக்கு எழுதும் விண்ணப்பம்தான் தங்க உலோகக் கடன் கேட்கும் கடிதம். தொழிலில் இதை ‘கோல்டு மெட்டல் லோன்’ என்பார்கள்.

நகை அடகுக் கடனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடகில் நாம் தங்கத்தைக் கொடுத்துப் பணம் வாங்குகிறோம். இங்கே வங்கி தங்கக் கட்டியைக் கொடுக்கிறது. நகை செய்பவர் அதை நகையாக்கி விற்றுவிட்டு, அந்தத் தங்கத்தின் விலையை ரூபாயாகத் திருப்பிக் கட்டுகிறார். கடன் பேரேட்டில் நிற்பது ரூபாய் அல்ல, கிராம். எந்த நாளின் விலைக்குக் கட்டுவது என்பதைக் கெடுவுக்குள் கடன் வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். இப்படி விலையை உறுதிசெய்வதற்கு ‘ஃபிக்ஸிங்’ என்று பெயர். இந்தக் கடனின் நன்மையும் ஆபத்தும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கின்றன.

சொந்தப் பட்டறையும் கடையும் உள்ள ஒருவர் இந்தக் கடிதத்தை எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

“மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். வரும் பண்டிகைக் காலத்துக்கு நகை செய்ய 995 தரத்தில் 5 கிலோ தங்கம் கடனாக வேண்டுகிறேன். ஆடித் தொடக்கத்தில் 2 கிலோ, ஆவணியில் 2 கிலோ, புரட்டாசியில் 1 கிலோ என மூன்று தவணைகளில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தவணையையும் எடுத்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் தீர்த்துவிடுவேன்.”

ஐந்து கிலோவையும் ஒரே நாளில் வாங்கிவிட்டால் என்ன? உள்நாட்டில் விற்பதற்கு நகை செய்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி நெடுங்காலமாக வைத்திருந்த உச்ச வரம்பு 180 நாள். ஜூலை 17-ஆம் தேதி எடுத்த தங்கத்துக்கு ஜனவரி 13-ஆம் தேதியோடு கெடு முடிந்துவிடும். தை பிறப்பதற்கு முன்பே கணக்கை முடிக்க வேண்டும். தை முகூர்த்த விற்பனை அந்தத் தங்கத்துக்கு உதவாது. கெடு நாளிலும் விலையை உறுதிசெய்யாமல் விட்டால், வங்கி அன்றைய விலையைப் போட்டு முழுவதையும் ரூபாய்க் கடனாக்கிவிடும். தவணையாக எடுத்தால் கெடுவும் பிரிந்து வரும். பட்டறையில் வேலை தொடங்காத தங்கத்துக்கு வட்டியும் ஓடாது.

கடிதத்தின் அடுத்த பகுதி அளவைப் பற்றியது. “5 கிலோ கட்டியிலிருந்து, வேலையில் கழியும் தங்கத்தை நீக்கிப் பார்த்தால், 22 காரட் நகையாக 670 பவுனுக்கு மேல் செய்யலாம். கடந்த ஆண்டு இதே மாதங்களின் விற்பனைப் பட்டியலும் இருப்புப் பட்டியலும் இணைத்துள்ளேன்.”

கட்டி ஏறக்குறைய சுத்தத் தங்கம்; 22 காரட் நகையில் சுத்தத் தங்கம் 91.6 சதவீதம். செம்பும் வெள்ளியும் சேர்வதால் 5 கிலோ கட்டி சுமார் 5.43 கிலோ நகையாகும். பவுனில் ஏறத்தாழ 679. எனவே ஒரு பவுன் நகை விற்றால் கடனில் தீர்க்க வேண்டியது 8 கிராம் அல்ல, 7.33 கிராம் சுத்தத் தங்கம்தான். இந்தக் கணக்கை மேலாளர் போட்டுப் பார்ப்பார். கேட்ட தங்கத்துக்கும் போன ஆண்டு விற்பனைக்கும் பொருத்தம் இல்லையென்றால், கட்டி நகையாகாமல் வேறு கைக்குப் போகுமோ என்ற கேள்வி எழும். நகை செய்வதற்கென்று தரப்படும் தங்கத்தைக் கட்டியாகவே விற்கக் கூடாது.

லாபம் எங்கே? கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். 5 கிலோவின் மதிப்பு 5 கோடி ரூபாய். ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 180 நாள் வட்டி 24 லட்சத்து 66 ஆயிரம். தங்கக் கடனுக்கு 4 சதவீதம் என்றால் 9 லட்சத்து 86 ஆயிரம். மிச்சம் ஏறத்தாழ 14 லட்சத்து 80 ஆயிரம். வட்டி விகிதங்கள் வங்கிக்கு வங்கி மாறினாலும், தங்கக் கடன் வட்டி பொதுவாகக் குறைவு.

இந்த மிச்சத்தை ஒரே வாரத்தில் தொலைத்துவிடவும் முடியும். தீபாவளிக்குள் 3 கிலோ கட்டிக்குச் சமமான நகை, கிராம் 10,000 ரூபாய் விலையில் விற்றுவிட்டது. பணம் கையில் இருக்கிறது. “விலை இறங்கட்டும், அப்போது ஃபிக்ஸ் செய்யலாம்” என்று கடைக்காரர் காத்திருக்கிறார். விலை 11,000 ஆகிறது. வாடிக்கையாளரிடம் வாங்கியது பழைய விலை, வங்கிக்குக் கட்ட வேண்டியது புது விலை. நஷ்டம் 30 லட்சம். மிச்சம் பிடித்த வட்டியைப் போல் இரண்டு மடங்கு. அதே நேரம், விற்காமல் தட்டில் இருக்கும் 2 கிலோவுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதன் கடன் ஏறினால் நகையின் மதிப்பும் ஏறும். கடன் இறங்கினால் நகையும் இறங்கும். விற்காத தங்கத்துக்கு இந்தக் கடன் பாதுகாப்பு. விற்ற தங்கத்துக்கு இதுவே சூதாட்டம்.

ஆகவே கடிதத்தின் உயிர்நாடி இந்த வாக்கியம்: “அன்றன்று விற்கும் தங்கத்துக்கு அன்றைய விலையிலேயே ஃபிக்ஸிங் செய்வேன், விற்ற கிராம், உறுதிசெய்த கிராம் இரண்டையும் வாரந்தோறும் தங்களுக்கு எழுதித் தருவேன்.”

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 30 கிராம் சங்கிலி வாங்க வருபவர் 20 கிராம் பழைய நகையைக் கொடுத்து மாற்றிக்கொண்டால், அதுவும் அதே தரமாக இருக்கும் பட்சத்தில், கடையை விட்டு உண்மையில் போனது 10 கிராம்தான். அந்தப் பத்துக்கு உரிய சுத்தத் தங்கத்துக்கு மட்டும் விலை உறுதிசெய்தால் போதும். பில்லில் உள்ள முப்பதையும் கணக்கில் எடுத்தால் கடன் முன்னதாகவே தீர்ந்து, இருப்பில் உள்ள தங்கம் பாதுகாப்பின்றி நிற்கும்.

ஈட்டைப் பற்றியும் கடிதம் பேச வேண்டும். தங்கம் ஏற ஏறக் கடனும் ஏறும். ஆனால் வங்கியிடம் உள்ள வைப்புத்தொகையோ உத்தரவாதமோ ஏறுவதில்லை. விலை கூடினால் ‘மார்ஜின்’ பணம் கேட்டு வங்கி அழைக்கும். விற்பனை மும்முரமான வாரத்தில் அந்த அழைப்பு வந்தாலும் கொடுக்க எங்கே பணம் இருக்கிறது என்பதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. எல்லா வங்கிகளும் தங்கத்தை இறக்குமதி செய்து கடன் தர முடியாது; அதற்கென ரிசர்வ் வங்கி அனுமதித்த வங்கிகள் உண்டு. நம்முடைய கிளை அப்படிப்பட்டது இல்லையென்றால், அதனிடம் கேட்க வேண்டியது தங்கம் அல்ல. தங்கம் தரும் வங்கிக்குக் கொடுக்க ஓர் உத்தரவாதம்.

கடன் காக்காத ஒன்றும் இருக்கிறது: இறக்குமதி வரி. கட்டியை எடுக்கும்போதே வரி கட்டப்பட்டுவிடுகிறது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இந்த வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு தட்டில் இருந்தவர்களுக்கு, தங்கக் கடன் எடுத்திருந்தாலும், அந்த வித்தியாசம் நஷ்டமே. உலகச் சந்தை விலைக்கும் டாலர் மதிப்புக்கும் மட்டுமே இந்தக் கடன் காவல் நிற்கும். தேவைக்கு மேல் இருப்பு வைக்காமல் தவணையாக எடுக்க இதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் எழுதிய பிறகு, மேலாளர் நேரில் கேட்கப்போவது பெரும்பாலும் ஒரே கேள்வி: “நேற்று எத்தனை கிராம் விற்றீர்கள், எத்தனை கிராமுக்கு விலை முடித்தீர்கள்?” ஏட்டைத் திறக்காமலேயே இரண்டு எண்களையும் சொல்லக்கூடியவர் இந்தக் கடனை வாங்கலாம். சொல்ல முடியாதவர், வட்டி கூடினாலும் ரூபாய்க் கடனோடு நின்றுகொள்வதே அவருக்கு நல்லது.