கோடு எங்கே தொடங்க வேண்டும்?

பங்குச்சந்தை சார்ட்டில் எந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு போட்டுவிடலாம். அதனால்தான் இரண்டு புள்ளிகளில் நிற்கும் டிரெண்ட்லைனுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. விலை மூன்றாவது முறை வந்து அதன் அருகே திரும்பினால்தான் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தலாம். ஆனால் முதல் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். நிஃப்டியின் 2023 முதல் 2025 வரையிலான சார்ட்டை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

2023 மார்ச் 20 அன்று நிஃப்டி 16,828 வரை இறங்கியது. அங்கிருந்து ஏறி செப்டம்பர் 15 அன்று 20,222-ஐத் தொட்டது. மறுபடி சரிந்து அக்டோபர் 26 அன்று 18,838-க்கு வந்தது. ஏறுமுகக் கோட்டை மார்ச் அடியிலிருந்து அக்டோபர் அடிக்குப் போட வேண்டும். ஆனால் எப்போது? அக்டோபர் 27 அன்றே போட்டால் அது அவசரம். அந்த அடி இன்னும் உடையலாம். சரிவுக்கு முந்தைய உச்சமான 20,222-ஐ விலை தாண்டிய பிறகுதான் அக்டோபர் அடி உறுதியான ஆணிப்புள்ளி ஆகிறது. அது நடந்தது டிசம்பர் 1 அன்று. ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும் என்பது பலருக்கும் கசக்கும். ஆனால் இந்தப் பொறுமை இல்லாதவர் வாரம் ஒரு கோடு அழித்து எழுதிக்கொண்டே இருப்பார்.

அடுத்து, சார்ட்டின் அளவுகோல். சாதாரண அளவுகோலில் 10,000-த்தில் ஏறும் ஆயிரம் புள்ளியும் 20,000-த்தில் ஏறும் ஆயிரம் புள்ளியும் ஒரே உயரமாகத் தெரியும். முன்னது பத்து சதவீதம், பின்னது ஐந்து. லாக் அளவுகோலில் சம சதவீதங்களே சம உயரமாகத் தெரியும். பல மாதங்கள் நீளும் கோட்டுக்கு நான் லாக் அளவுகோலையே பயன்படுத்துவேன். நம் கோட்டை நீட்டிப் பாருங்கள். தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று லாக் கோடு சுமார் 21,110-இல் இருந்தது. நிஃப்டி அன்று இறங்கியது 21,281 வரை, முடிந்தது 21,884-இல். ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியில் மூன்றாவது தொடுதல் கிடைத்துவிட்டது. சாதாரண அளவுகோலில் அதே கோடு 20,870 அருகே, நானூறு புள்ளி கீழே இருந்தது.

சேனலுக்கு இந்தக் கோட்டுக்கு இணையாக மேலே ஒன்று வேண்டும். பலர் செப்டம்பரின் 20,222 உச்சத்தில் அதைப் பொருத்துவார்கள், அதுதான் உயர்ந்த விலை என்பதால். ஆனால் பார்க்க வேண்டியது விலையின் உயரத்தை அல்ல, அடிக்கோட்டிலிருந்து அது எவ்வளவு விலகியது என்பதை. ஜூலை 20 அன்று தொட்ட 19,992 கோட்டுக்கு மேலே சுமார் பதினொன்றரை சதவீதம் இருந்தது. செப்டம்பர் உச்சமோ பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே மேல்கோடு ஜூலை உச்சத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். அப்படிப் போட்ட மேல்கோட்டை ஒட்டியே 2024 ஜனவரி 15 அன்றும் ஜூன் 3 அன்றும் உச்சங்கள் அமைந்தன. ஜூன் இறுதியில் நிஃப்டி அதை மீறி மேலேறியது. அதற்காகச் சேனலை அகலப்படுத்த வேண்டியதில்லை, ஏனென்றால் அடிக்கோடு அப்போதும் செல்லுபடியானதுதான். நவம்பர் 21 அன்று 23,263 வரை இறங்கிய விலை அந்த அடிக்கோட்டுக்குச் சற்று மேலேதான் திரும்பியது.

2025 ஜனவரி இரண்டாம் வாரத்தில் கதை மாறியது. ஜனவரி 13 அன்று கோடு 23,670 அருகே இருக்க, நிஃப்டி 23,086-இல் முடிந்தது. கோட்டை அடிகளின் நுனியில் போடலாம். உடைந்ததா என்பதை மட்டும் நாள் முடிவு விலையில் பார்க்க வேண்டும். ஓரிரு நாள் கால் சதவீதம் கீழே போவது உடைப்பல்ல. இரண்டரை சதவீதம் கீழே முடிவது உடைப்புதான்.

இங்கேதான் பெரிய சபலம் வரும். மார்ச் 2023 அடியையும் ஜனவரி 13-இன் புதிய அடியையும் இணைத்துப் பாருங்கள்: அக்டோபர் அடி, ஜூன் அடி, நவம்பர் அடி எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலே அழகாக அமர்கின்றன. சாய்வு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் டிசம்பர் 5-இன் 24,857 உச்சத்தை விலை தாண்டாதவரை ஜனவரி அடி ஆணிப்புள்ளியே அல்ல. அந்தக் கோட்டை நம்பியிருந்தவர்களுக்கு மார்ச் 4 அன்று 21,965 வரை சரிவு காத்திருந்தது.

உண்மையில் ஜனவரி 13 அன்று போட வேண்டியிருந்தது இறங்குமுகக் கோடு. நவம்பர் அடிக்குக் கீழே நாள் முடிந்ததால், டிசம்பர் 5 உச்சம் அன்றுதான் உறுதியானது. 2024 செப்டம்பர் 27-இன் 26,277 உச்சத்திலிருந்து அதற்குக் கோடு போட்டு நீட்டினால், ஜனவரி 2 அன்று அது 24,300 அருகே வரும். நிஃப்டி அன்று 24,227 வரை ஏறித் திரும்பியிருந்தது.